காலையில் இரண்டு நிமிடம், மாலையில் இரண்டு நிமிடம்

கல்லூரியில் சேர்வதற்கு முன் ஓராண்டுக் காலம், ஒரு நடுநிலைப் பள்ளியின் அலுவலகத்தில் தற்காலிக உதவியாளனாக இருந்தேன். அங்கே ஆறாம் வகுப்பில் ஒரு பையன். பாடம் நடக்கும்போது பெஞ்சைத் தட்டுவான். பக்கத்தில் இருப்பவனின் பேனாவைப் பறிப்பான். எல்லாரும் தன்னைத் திரும்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

ஒருநாள் தலைமையாசிரியை அம்மா என்னிடம் ஓர் அட்டையைக் கொடுத்து, "தம்பி, காலை மணிக்கு முன்னும் மாலை மணிக்குப் பின்னும் அவன் உன்னிடம் வரட்டும். இரண்டிரண்டு நிமிடம் போதும்" என்றார். அமெரிக்கப் பள்ளிகளில் இதற்குச் 'செக்-இன் செக்-அவுட்' என்று பெயர் என்றும், குரோன், ஹார்னர், ஹாக்கன் ஆகிய மூவர் 2004-ல் இதைப் பற்றி நூல் எழுதினார்கள் என்றும் பின்னர் அறிந்தேன்.

அட்டையில் ஐந்து பாடவேளைகள். இடத்தில் அமர்தல், பிறர் பொருளைத் தொடாதிருத்தல், சொன்ன வேலையைச் செய்தல் என மூன்று விதிகள். ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. மொத்தம் 30, இலக்கு 80 விழுக்காடு, அதாவது 24. பாடவேளை முடிந்ததும் ஆசிரியர் மதிப்பெண் இட்டு, காரணத்தை ஒரு வார்த்தையில் சொல்ல வேண்டும்.

முதல் நாள் 15 வாங்கினான். திட்டு விழும் என்று தலைகுனிந்து நின்றான். "கணக்குப் பாடத்தில் ஆறுக்கு ஆறு வாங்கியிருக்கிறாயே!" என்றேன். நிமிர்ந்து பார்த்தான். முதல் வாரத்துக்கு இலக்கை 18 ஆகக் குறைத்தோம். மூன்றாம் வாரத்தில் 24-ஐத் தொட்டான்.

அப்போது எனக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் போகவில்லை. எனக்குப் பதிலாக யார் என்று நாங்கள் யோசித்தே வைக்கவில்லை. அலுவலக வாசலில் மணியடிக்கும் வரை நின்றானாம், அன்று 11. குற்றம் அவனுடையதன்று. அதன்பின் சத்துணவு அமைப்பாளர் அக்காவையும் அவனுக்குப் பழக்கி வைத்தோம்.

அதே அட்டையை ஒரு மாணவிக்கும் கொடுத்தோம், பயனில்லை. அவளுடைய பூஜ்யங்கள் எல்லாம் வாசிக்க வேண்டிய பாடவேளைகளிலேயே விழுந்தன. வாசிக்கத் தெரியாததை மறைக்கவே அவள் குறும்பு செய்தாள். வெளியே அனுப்பினால் அவளுக்கு நிம்மதி. அவளுக்கு வேண்டியிருந்தது என் வணக்கமன்று, எழுத்துக் கூட்டச் சொல்லித்தரும் ஒருவர்.

நான் விலகும் நாள் நெருங்கியபோது, பையனையே மதிப்பெண் இடச் செய்து, ஆசிரியர் இட்டதோடு ஒப்பிட்டோம். கடைசி மாலையில் அவன் கணக்கு 26. ஆசிரியர் கணக்கு 25.

"சார் போட்டதுதாண்ணா சரி. ஒரு தடவை பெஞ்சைத் தட்டினேன்" என்றான்.

அந்த அட்டையை இன்றும் வைத்திருக்கிறேன்.