பித்தம் என்று சொல்லி

காய்ச்சலுக்கு இலக்கியத்தில் ஓர் இடம் உண்டு. காசநோய்க்கு அதைவிடப் பெரிய இடம். வாந்திக்கு அந்த மரியாதையை எந்த மொழியும் தந்ததாகத் தெரியவில்லை. எனினும், வீட்டில் வளர்ந்த மனிதர் ஒருவர் காலையிலிருந்து வாந்தி எடுத்துக்கொண்டிருக்க, இரவு பத்து மணிக்கு மற்றவர்கள் கூடத்தில் நின்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளும் அந்தக் கால் மணி நேரம் அநேகமாக எல்லாக் குடும்பங்களுக்கும் வாய்த்திருக்கும். விடியட்டும் என்று இருப்பதா, வண்டியைக் கூப்பிடுவதா?

விடியட்டும் என்பவர்கள் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்கிறார்கள். பெரியவர்களுக்கு வரும் வாந்தியில் பெரும்பகுதி கிருமித்தொற்றாலோ கெட்ட உணவாலோ வருவது; ஓரிரு நாளில் தானே அடங்கிவிடும். அப்படி அடங்கப்போகும் வாந்திக்கு ஒரு நடை உண்டு. கூடவே பேதி இருக்கும், அல்லது சில மணி நேரத்தில் தொடங்கும். ஒரே பந்தியில் உண்ட இன்னொருவருக்கும் வந்திருக்கும். முதல் ஆறு மணி நேரத்தில் ஐந்து முறை வந்தது அடுத்த ஆறு மணி நேரத்தில் இரண்டாகக் குறையும். எத்தனை முறை என்று விரல் விட்டு எண்ணுவதைவிட, இரண்டு வாந்திகளுக்கு இடையிலான நேரம் நீள்கிறதா என்று பார்ப்பது பயனுள்ளது.

நீர் தங்குகிறதா என்பதற்கும் எளிய சோதனை ஒன்று இருக்கிறது. வாந்தி எடுத்தபின் கால் மணி நேரம் வயிற்றைச் சும்மா விட்டுவிட்டு, உப்புச் சர்க்கரைக் கரைசலை நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி என்று கொடுத்துக்கொண்டே இருப்பது. தேக்கரண்டி என்பது 5 மில்லிலிட்டர். ஒரு மணி நேரத்தில் 300 மில்லிலிட்டர் உள்ளே போயிருக்கும். தம்ளரோடு கொடுத்தால் வயிறு திருப்பி அனுப்பிவிடும் அதே அளவைத் தேக்கரண்டியில் கொடுத்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். இது பொறுமையின் வேலை. நம் வீடுகளில் பாட்டிகளுக்கே கைவந்தது. அப்படிக் கொடுத்தும் தங்கவில்லையென்றால் வீட்டு வைத்தியம் அங்கே முடிந்தது. தங்கினால், ஆறு அல்லது எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது சிறுநீர் போகிறதா, அதன் நிறம் தேன்போல் கறுத்துவிடவில்லையா என்று பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இருக்கலாம்.

இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படாத வாந்திகளும் உண்டு. இரத்தமோ காப்பித்தூள் போன்ற கரும்பொடியோ வந்தால், நெஞ்சு வலியோடும் வியர்வையோடும் வந்தால், பேச்சு குழறினால், தாங்க முடியாத தலைவலி இருந்தால், வயிறு உப்பி வாயு பிரியாமல் பச்சையாக வந்துகொண்டே இருந்தால், எண்ணிக்கொண்டிருக்க நேரமில்லை. இவை அநேகருக்குத் தெரிந்தவை. பார்த்தவுடன் பயம் வரும். பயம் வராத வகை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு முன்னுரை.

2023 ஆம் ஆண்டு கந்த சஷ்டி விரதத்தின் நான்காம் நாள், அடுத்த தெருவிலிருக்கும் எங்கள் அத்தைக்கு வாந்தி தொடங்கியது. வயது அறுபத்தொன்று. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மாத்திரை மட்டும், ஊசி இல்லை. விரதம் என்றால் இரவில் ஒரு தம்ளர் பால், இரண்டு வாழைப்பழம், அவ்வளவுதான். மாத்திரையை மட்டும் தவறாமல் போட்டுக்கொண்டிருந்தார். மதியத்துக்குள் நான்கு முறை வாந்தி. சுக்குக் கஷாயம் கொடுத்தார்கள், அதுவும் வந்துவிட்டது. மாலையில் தெருக்கோடி கிளினிக்கில் ஓர் ஊசி போட்டார்கள். இரண்டு மணி நேரம் நின்றது. எட்டு மணிக்குப் பிறகு மறுபடியும் தொடங்கியது. வந்ததெல்லாம் மஞ்சள் நீர்.

"பித்தம்தான்டா தம்பி. நாலு நாளா வெறும் வயிறு இல்லையா? விடிஞ்சா சரியாப் போயிடும்" என்றார் அத்தை.

பித்தம் என்ற சொல் நம் வீடுகளில் எந்தக் கேள்வியையும் முடித்துவைக்க வல்லது. வெறும் வயிற்றிலிருந்து வாந்தி வந்தால் மஞ்சளாகத்தான் வரும். அந்த நிறம் காரணத்தைச் சொல்வதில்லை, வயிற்றில் வேறெதுவும் இல்லை என்பதைத்தான் சொல்கிறது.

மாமா பதற்றப்படாதவர். கையடக்கக் கருவியில் சர்க்கரை பார்த்து வைத்திருந்தார்: 184. சிறுநீர் போகிறதா என்று கேட்டோம். நன்றாகவே போகிறது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் போகிறாள் என்றார். காய்ச்சல் இல்லை. அத்தை தெளிவாகப் பேசினார். மேலே நாங்கள் சொன்ன அளவுகோல்களில் சிறுநீரும் சர்க்கரையும் இருக்கலாம் என்றே சொல்லின. மருத்துவமனையோ 35 கிலோமீட்டர் தள்ளிக் கும்பகோணத்தில்.

எங்களைத் தயங்கவைத்தவை மூன்று. முதலாவது, பேதி அறவே இல்லை. ஒரு பகல் முழுதும் வாந்தி இருந்து பேதியே இல்லையென்றால் அதை வயிற்றுக் கோளாறு என்று எளிதில் ஒப்புக்கொள்ளக் கூடாது. மூளை, இதயம், கணையம், சிறுநீரகம் என்று உடலின் எந்த மூலையில் தீப்பற்றினாலும் வாந்தி வரும். இரண்டாவது, மூச்சு. படுத்திருந்தவரின் வயிறு ஏறி இறங்குவதைக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் எண்ணினோம். 28. ஓய்வாக இருப்பவருக்கு 12 முதல் 20 வரைதான் இருக்க வேண்டும். வேகம் மட்டுமல்ல, ஒவ்வொரு மூச்சும் ஆழமாக இருந்தது, மாடி ஏறி வந்தவரைப் போல. 1874 இல் அடால்ஃப் குஸ்மால் என்ற ஜெர்மானிய மருத்துவர் சர்க்கரை நோயாளிகளிடம் மயக்கத்துக்கு முன்பு கண்டு எழுதிவைத்த மூச்சு இது. இரத்தத்தில் அமிலம் ஏறும்போது, கரியமில வாயுவை வெளியேற்றியாவது அதைச் சமன்செய்ய உடல் படும் பாடு.

மூன்றாவது, மாத்திரை அட்டை. எங்களில் மூத்தவர் இருபது ஆண்டுகளாக மருந்துக்கடை நடத்துகிறவர். அட்டையைத் திருப்பிப் பார்த்தார். மெட்ஃபார்மினுடன் டாபாகிளிஃப்ளோசின் சேர்ந்த மாத்திரை. ஐந்து மாதங்களுக்கு முன் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

கிளிஃப்ளோசின் என்று முடியும் பெயருள்ள மருந்துகளின் மூதாதை, 1835 இல் ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த ஒரு கசப்புப் பொருள். இவை சர்க்கரையைச் சிறுநீரகத்தின் வழியாக வெளியே கொட்டிவிடுகின்றன. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்யும் நல்ல மருந்துகள். அதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் சாப்பாடு நின்றுபோன உடலில் இன்சுலினும் தாழ்ந்துவிடுகிறது. உடல் கொழுப்பை எரிக்கத் தொடங்குகிறது. எரிந்த கொழுப்பின் மிச்சமாகக் கீட்டோன் என்னும் அமிலங்கள் இரத்தத்தில் சேர்கின்றன. வழக்கமாக இந்த நிலையில் சர்க்கரை 250க்கு மேலே ஏறிக் காட்டிக்கொடுக்கும். இந்த மாத்திரை போட்டவரிடமோ சர்க்கரை சிறுநீரில் போய்க்கொண்டே இருப்பதால், கருவியில் 184 என்று சாதுவாக ஓர் எண் நிற்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இதைப் பற்றி முதல் எச்சரிக்கையை 2015 மே மாதம் வெளியிட்டது.

இன்னொன்றும் உண்டு. வெளியேறும் சர்க்கரை நீரையும் இழுத்துக்கொண்டு போகும். ஆகவே உடல் வறண்டுகொண்டிருக்கும்போதும் சிறுநீர் தாராளமாகப் போகும். மற்றவர்களுக்கு நம்பிக்கை தரும் அடையாளம் இவர்களிடம் பொய் சொல்கிறது. மாமாவின் இரண்டு ஆறுதல்களும், கருவியின் எண்ணும் கழிவறைக் கணக்கும், அந்த ஒரே மாத்திரையின் கைவரிசை.

"சுகர் நல்லாத்தானே இருக்கு? ராத்திரி நேரத்துல அலைக்கழிக்கணுமா?" என்றார் மாமா.

"சுகர் நல்லாத்தான் இருக்கு மாமா. மூச்சு நல்லா இல்ல" என்றோம்.

அத்தைக்கு விரதம் கெட்டுவிடும் என்ற கவலை. சூரசம்ஹாரத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. மருத்துவமனையில் குளுக்கோஸ் ஏற்றினால் அது சாப்பாட்டுக் கணக்கில் சேருமா என்று கேட்டார். முருகன் வாயால் போவதைத்தான் கணக்கில் வைப்பான் என்று எங்களில் இளையவர் சொன்னதைக் கேட்டு, சிரித்துக்கொண்டே எழுந்தார். வாசல் வரை நடப்பதற்குள் இரண்டு இடத்தில் நின்றார்.

நள்ளிரவில் அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர், எத்தனை வாந்தி என்று கேட்கவில்லை. மாத்திரை அட்டையைக் கொண்டுவந்தீர்களா என்று கேட்டார். கொடுத்தோம். கடைசி மாத்திரை எப்போது, கடைசியாகச் சோறு உண்டது எப்போது என்று இரண்டே கேள்விகள். முதலில் இதய வரைபடம் எடுத்தார்கள். சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமல் மாரடைப்பு வாந்தியாக வரக்கூடும் என்பதால். அது சரியாக இருந்தது. இரத்தத்தில் பைகார்பனேட் 22க்கு மேல் இருக்க வேண்டியது 9 இருந்தது. கீட்டோன் மிக அதிகம். தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள்.

184 சர்க்கரை உள்ளவருக்கு ஒரு கையில் இன்சுலினும் மறு கையில் குளுக்கோஸும் ஏற்றுவதைப் பார்த்து மாமா குழம்பிப்போனார். மருத்துவர் பொறுமையாக விளக்கினார்: இன்சுலின் கொடுப்பது சர்க்கரையைக் குறைக்க அல்ல, கொழுப்பு எரிவதை நிறுத்த, அந்த இன்சுலினால் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போய்விடாமல் இருக்கத்தான் குளுக்கோஸ். மறுநாள் மாலைதான் மூச்சு அடங்கியது. விடியும் வரை இருந்திருந்தால் என்று மாமா கேட்டதற்கு, வந்திருப்பார், நடந்து வந்திருக்க மாட்டார் என்று மட்டும் சொன்னார். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அனுப்பும்போது கிளிஃப்ளோசினை நிரந்தரமாக நிறுத்தச் சொன்னார்கள். அந்த மருந்தைத் தொடர்கிறவர்களுக்கும் ஒரு விதி உண்டு என்று அப்போது தெரிந்துகொண்டோம்: வாந்தியோ பட்டினியோ வந்த நாளில் அதையும் மெட்ஃபார்மினையும் நிறுத்திவைத்து மருத்துவரைக் கேட்க வேண்டும், ஒன்றிரண்டு நாள் ஒழுங்காக உண்டு குடித்த பிறகே மறுபடி தொடங்க வேண்டும். இன்சுலின் போடுகிறவர்கள் மட்டும், சாப்பிடவில்லையே என்று அதைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. விரதம் இருப்பதற்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள். மாத்திரை எழுதித் தரும் நேரத்தில் ஆடி, புரட்டாசி, சஷ்டி என்று யாரும் விசாரிப்பதில்லை, நாமும் சொல்வதில்லை.

கடையில் இப்போது சிறுநீரில் கீட்டோன் பார்க்கும் பட்டைகளை வரவழைத்து வைத்திருக்கிறோம். சிறுநீரில் நனைத்தால் நிறம் ஊதாவாக மாறும். குப்பியைத் திறந்து வைத்தால் ஈரம் பட்டுக் கெட்டுவிடும். தவிரவும், இரத்தத்தில் அதிகமாகச் சேரும் கீட்டோன் வகையை அது காட்டாது என்பதால், நிறம் மாறவில்லை என்று நிம்மதியடையவும் முடியாது. மாறினால் கிளம்பலாம். அத்தை ஒரு குப்பி வாங்கிப்போனார். அதன்மேல், எண்ணெய் படிந்த ஒரு துண்டுக் காகிதத்தில், மூச்சை எண்ணு என்று எழுதி ஒட்டியிருக்கிறார்.