ஹீட்டர் சுடவில்லையா, அல்லது தூரத்தில் இருக்கிறதா?



ஜனவரி வந்தால் கண்டி நகரிலேயே விடியற்காலை 18 பாகை அளவுக்கு இறங்கிவிடுகிறது. ஹந்தானை போல மேட்டில் இருப்போருக்கு இன்னும் கொஞ்சம் குறையும். பிள்ளைகள் ஒரு சுவெட்டரோடு சமாளித்துவிடுவார்கள். மூட்டு வலியுள்ள உம்மும்மாமாருக்கு அது போதாது. அதனால் சில வீடுகளில் இப்போது பலகை போன்ற தட்டையான மின் ஹீட்டர் வாங்குகிறார்கள். அதில் விசிறி இல்லை, சத்தம் இல்லை, சிவந்து எரியும் கம்பியும் இல்லை. வாங்கிய பிறகு எம்மிடம் வரும் கேள்வி இதுதான்: "சேர், மீட்டர் ஓடுது, ஆனா சூடு வரல்லையே. சாமான் பழுதா?"

பெரும்பாலும் சாமான் பழுதல்ல. வைத்த இடம்தான் பிழை. ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகப் பார்ப்போம்.

விசிறி உள்ள ஹீட்டர் காற்றைச் சூடாக்கும். எமது வீடுகளில் யன்னலுக்கு மேலே காற்றோட்டத்துக்கென்று எப்போதும் திறந்த துவாரங்கள் இருக்கின்றன. ஓட்டுக் கூரையிலும் இடைவெளி உண்டு. சூடான காற்று மேலெழுந்து அவற்றின் வழியே போய்விடும். பலகை ஹீட்டர் தனது வெப்பத்தில் பாதிக்குச் சற்று மேலானதைக் கதிர்வீசலாக அனுப்புகிறது. அது காற்றைச் சூடாக்காமல் நேரே வந்து உடம்பில் படும். காலை வெயிலில் முற்றத்தில் நிற்கும்போது காற்று குளிராக இருந்தும் முகம் சூடாவது போல. எனவே இந்த ஹீட்டர் எமது வீடுகளுக்குப் பொருத்தமானதுதான். ஆனால் அது எங்கே பார்க்கிறது என்பது முக்கியம்.

உங்கள் முழங்காலில் ஒரு கண் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அது தன் முன்னால் உள்ள எல்லாவற்றையும் பார்க்கிறது: எதிர்ச் சுவர், கூரை, நிலம், கதவு. அந்தப் பார்வையில் ஹீட்டர் எத்தனை பங்கை நிரப்புகிறது என்பதே கேள்வி. நேர் எதிரே உள்ளவை முழுமையாகக் கணக்கில் வரும்; ஓரத்தில் சாய்வாகத் தெரிபவை குறைவாக வரும். இந்தப் பங்கைத்தான் பொறியியலில் பார்வைக் காரணி என்பார்கள்.

60 சென்ரிமீற்றர் நீளமும் அதே அகலமும் உள்ள ஒரு பலகையை எடுப்போம். இந்த அளவில் 350 வாற்று அளவானவை பரவலாக விற்கின்றன. முன்பக்கம் 90 பாகை வரை சூடாகும் என்று கொள்வோம். உயர்தர பௌதிகவியலில் படிக்கும் ஸ்டெபானின் விதிப்படி கணக்கிட்டால், 18 பாகையிலுள்ள ஒரு சுவரை விட இந்தப் பலகை சதுர மீற்றருக்குச் சுமார் 520 வாற்று அதிகமாகக் கதிர்வீசுகிறது. அதில் எமக்கு வந்து சேர்வது பார்வைக் காரணி அளவுதான். வந்ததில் 95 வீதத்தைத் தோல் உறிஞ்சும்.

நேர் எதிரே ஒரு மீற்றரில் இருந்தால் பலகை பார்வையில் 10 வீதத்தை நிரப்பும். ஆகவே

520 × 0.10 × 0.95 ≈ 50

அதாவது சதுர மீற்றருக்கு 50 வாற்று. இதை உடம்பு எப்படி உணரும்? காற்று அசையாத அறையில் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 9 வாற்று கூடினால், ஹீட்டரை நோக்கிய பக்கத்துக்குச் சுற்றுப்புறம் ஒரு பாகை கூடியது போலிருக்கும். எனவே 50 வாற்று என்பது ஐந்தரைப் பாகை. 18 பாகை அறை அந்தப் பக்கத்துக்கு 23, 24 பாகை போலத் தெரியும். குளிர் தணிந்தது என்று சொல்ல அது போதும்.

இரண்டு மீற்றருக்குப் போனால் பங்கு 3 வீதத்துக்கும் குறைவு. கிடைப்பது 14 வாற்று, ஒன்றரைப் பாகை. மூன்று மீற்றரில் 6 வாற்றுதான். தூரம் இரட்டித்தால் சூடு நாலில் ஒன்றாகும் என்று படித்திருப்போம். தூரத்தில் அது சரியாக வரும். கிட்டத்தில் அப்படியே வராது: அரை மீற்றரில் பங்கு 31 வீதம், ஒரு மீற்றரில் 10 வீதம், அதாவது மூன்றில் ஒன்று. கிட்டப் போகும்போது பலகையின் ஓரங்கள் சாய்வாகத் தெரியத் தொடங்குவதே காரணம்.

எமக்குத் தெரிந்த ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறோம். இதே அளவுப் பலகையைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் இருக்கட்டும் என்று சுவரில் உயரத்தில் பொருத்தியிருந்தார்கள். உம்மும்மாவின் கதிரை மூன்று மீற்றர் தள்ளி இருந்தது. பலகை அவரது நெஞ்சு மட்டத்துக்கு ஒன்றே கால் மீற்றருக்கு மேல் உயரம். தூரத்தோடு சாய்வும் சேர்ந்ததால் கணக்குப்படி அவருக்குக் கிடைத்தது 4 வாற்று அளவுதான், அரைப் பாகை கூட இல்லை. "இது லைட் போடாத பல்பு மாதிரி" என்றார் அவர். அவர் சொன்னதில் தவறில்லை. பிறகு பலகையை அதற்குரிய காலில் நிறுத்தி, முழங்கால் மட்டத்தில், ஒரு மீற்றர் தூரத்தில், அவரைப் பார்க்கும்படி வைத்தார்கள். அதே 350 வாற்று, அதே கட்டணம். முழங்காலில் படுவது பன்னிரண்டு மடங்கு.

கறுப்பு உடுப்புத்தான் சூட்டை இழுக்கும் என்பது வெயிலுக்குப் பொருந்தும். இந்தப் பலகை அனுப்புவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அதற்கு வெள்ளைத் துணியும் கறுப்புத் துணியும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இடையில் கண்ணாடி மேசையோ கதிரையின் முதுகோ இருந்தால் கதிர் அங்கேயே நின்றுவிடும். முதுகுப் பக்கத்துக்கும் ஒன்றும் போகாது. அதற்கு ஒரு சால்வைதான் வழி.

உங்கள் ஹீட்டர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கச் சுவரில் உள்ள வெப்பமானியை நம்ப வேண்டாம். அது காற்றை அளப்பது, பெரிதாக அசையாது. கால் மணி நேரம் சூடாக விட்டு, ஒரு மீற்றரில் கன்னத்தைக் காட்டுங்கள். யாராவது இடையில் ஒரு பத்திரிகையைப் பிடிக்கட்டும். அந்தக் கணமே சூடு நின்று, எடுத்ததும் திரும்பி வந்தால் பலகை நன்றாகவே இருக்கிறது. கொரோனா காலத்தில் நெற்றியில் பிடித்த துவக்கு வெப்பமானியால் பலகையை அளக்க முடியாது. அது மனித உடம்பின் வெப்ப அளவுக்கு மட்டும் செய்யப்பட்டது.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். 90 பாகை என்பது தொட்டால் தோல் வெந்துபோகும் சூடு. சீனி வருத்தத்தால் பாதம் மரத்தவர்களுக்குச் சுடுவது தெரியாது. அவர்கள் காலை நீட்டினாலும் எட்டாத தூரம் வேண்டும். ஒரு மீற்றர் சொல்வது அதற்காகவும்தான். பலகை சாயாமல் நிற்க வேண்டும். அதன்மேல் ஈரத் துணி காயப்போடக் கூடாது. சூடு வெளியேறாமல் உள்ளே கூடி நெருப்புப் பிடிக்கலாம். சிறு பிள்ளைகள் ஓடித் திரியும் வீடாயின் முன்னால் ஒரு கம்பித் தடுப்பு வையுங்கள். அகலமான கண்ணுள்ள கம்பி கொஞ்சக் கதிரைத்தான் மறைக்கும்.

கட்டணத்தையும் பார்ப்போம். நாளைக்கு நாலு மணி நேரம் போட்டால் மாதம் 42 யூனிட். எமது மின்பட்டியலில் யூனிட் கூடக் கூட விலைப் படியும் ஏறுவதால், இந்த 42 எந்தப் படியில் போய் விழுகிறது என்று பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். இன்னும் பெரிய ஹீட்டர் வாங்க நினைப்பவர்கள், கடைக்குப் போக முன்பு இருப்பதை ஒரு மீற்றருக்கு இழுத்து வைத்து இரண்டு நாள் பாருங்கள்.