செவலையின் நாக்கு

எங்கள் தெருமுனையில் ஒரு பனியன் கம்பெனி இருக்கிறது. வாசலில் எப்போதும் கட்டிங் வேஸ்ட் மூட்டைகள் கிடக்கும். அவற்றின்மேல் மெத்தையில் படுப்பதுபோல் படுத்திருப்பாள் செவலை என்ற தெருநாய்.

செக்கிங்கில் வேலை பார்க்கும் ஒரு பெண் ஷிப்ட் முடிந்து வெளியே வந்தால் போதும். செவலை காதுகளைப் பின்னால் மடித்து, உடம்பைத் தாழ்த்தி, இடுப்பே ஆடும்படி வாலை ஆட்டிக்கொண்டு ஓடுவாள். அந்தப் பெண் குனிந்தால் வாயோரத்தையும் தாடையையும் நக்குவாள். குனியாவிட்டால் கையை நக்குவாள். "முத்தம் கொடுக்குதுங்க சார்" என்று அந்தப் பெண் சிரிப்பார்.

முத்தம் என்பது நாம் வைத்த பெயர். வாயோரத்தைத் தேடும் அந்தப் பழக்கம் குட்டிப் பருவத்தில் தொடங்குகிறது. பால் மட்டும் போதாத வயதில், வெளியே போய்விட்டு வரும் தாயின் வாயைக் குட்டிகள் முட்டி முட்டி நக்கும். தாய் பாதி செரித்த இரையைக் கக்கிக் கொடுக்கும். ஓநாயிலும், நம் ஆனைமலைக் காட்டுச் செந்நாயிலும் வேட்டையிலிருந்து திரும்பும் பெரியவை இப்படித்தான் குட்டிகளுக்கு ஊட்டுகின்றன. வளர்ந்த ஓநாயும் தன் கூட்டத்துப் பெரியதைப் பார்த்தால், இரை கிடைக்காது என்று தெரிந்தும், அதே மாதிரி தாழ்ந்து வந்து வாயை நக்கும். ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த ருடால்ஃப் ஷெங்கெல் 1967-ல் இதை விரிவாக எழுதினார். பசியில் பிறந்த செய்கை, "வந்துவிட்டாயா? நான் உனக்குச் சின்னவன்" என்று சொல்லும் வணக்கமாக மாறிவிடுகிறது.

நம் வாய் அதற்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது, கைதான் எட்டுகிறது. அந்தக் கையில் வியர்வையின் உப்பும், சற்றுமுன் தின்ற பன்னின் வாசனையும் இருக்கும். எனவே எல்லா நக்கலும் பாசம் என்று சொல்ல முடியாது. கையைக் கழுவிவிட்டு நீட்டிப் பாருங்கள். முகர்ந்துவிட்டு விலகினால் தேடியது உப்பையோ ருசியையோதான் என்று கொள்ளலாம்.

இன்னொரு வகை உண்டு. அதை நான் என் ஆறு வயதுப் பேரனால் கற்றேன். போன கோடை விடுமுறையில் அவன் செவலையின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அவள் அவன் கன்னத்தைச் சட்டென்று நக்கினாள். "தாத்தா, என்னைப் பிடிச்சிருக்கு!" என்றான். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். தலை அப்பால் திரும்பியிருந்தது, கண்ணின் வெள்ளை தெரிந்தது, உடம்பு விறைத்திருந்தது, தன் உதட்டையே நக்கிக்கொண்டாள். அது "போதும், விடு" என்ற வேண்டுதல். கேட்காவிட்டால் அடுத்தது உறுமல், பிறகு பல். பையனை மெல்ல விலக்கினேன்.

அப்போதுதான் அவன் உள்ளங்கையைப் பார்த்தேன். காலையில் சைக்கிளிலிருந்து விழுந்து சிராய்த்த இடம் ஈரமாக இருந்தது. அங்கேயும் நக்கியிருக்கிறாள்.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தபோது பாஸ்தேர் பாடத்தை மனப்பாடம் செய்தவன் நான். 1885 ஜூலை 6-ஆம் தேதி, நாய் கடித்த ஒன்பது வயது ழோசேஃப் மைஸ்தேருக்கு முதல் ஊசி. அவர் பெயரில் 1907-ல் நம் குன்னூரிலேயே ஒரு நிலையம் வந்தது. எனக்கு ழோசேஃபின் முகம் என் பேரன் முகமாகத் தெரிந்தது.

முழுத்தோலில் நக்கினால் கழுவினால் போதும். சிராய்ப்பிலோ, கண்ணிலோ, வாய்க்குள்ளோ எச்சில் பட்டால் அது கடிக்குச் சமம். உலக சுகாதார அமைப்பு அதை மூன்றாம் வகை, அதாவது மிகக் கடுமையான வகை என்கிறது. ஓடும் குழாய் நீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கடிகாரம் பார்த்துக் கழுவினேன். மஞ்சளும் வைக்கவில்லை, கட்டும் போடவில்லை. அன்றே அரசு மருத்துவமனைக்குப் போனோம். சிராய்ப்பைச் சுற்றிச் சீரம் போட்டார்கள், தடுப்பூசி உடம்பில் வேலை செய்யத் தொடங்கும்வரை அதுதான் காவல். தடுப்பூசியை அன்றும், பிறகு 3, 7, 28-ஆம் நாட்களிலும் போட்டார்கள்.

"அந்த நாயை எங்காவது கொண்டுபோய் விட்டுடுங்கப்பா" என்றான் மகன். நான் மறுத்தேன். நோயுள்ள நாயின் எச்சிலில் கிருமி வருவது, அறிகுறி தெரிவதற்குச் சில நாள் முன்புதான். எனவே பத்து நாள் அது நலமாக இருந்தால், நக்கிய அன்று எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். கண்ணெதிரே இருந்தால்தானே பார்க்க முடியும்? ஆனால் அந்தப் பத்து நாள் முடியட்டும் என்று ஊசியைத் தள்ளிப்போடக்கூடாது.

தினமும் காலையில் போய்ப் பார்த்தேன். தின்றாள், குடித்தாள், மூட்டைமேல் தூங்கினாள். பதினோராம் நாள் என்னைக் கண்டதும் காதை மடித்து, உடம்பைத் தாழ்த்தி வந்தாள். கையைத் திருப்பிப் பார்த்தேன். காயம் எதுவும் இல்லை. நீட்டினேன்.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டேன்.