வெறும் வயிறு ஏன் சத்தம் போடுது?



கொஞ்சம் நீளமான பதிவு. நான் விட்ட ஒரு பிழையில இருந்து தொடங்குது. ஏழாந்தரம், எட்டாந்தரம் படிக்கிற பிள்ளைகள் வீட்டில இருக்கிறவங்க கடைசி வரை வாசிச்சா சந்தோசம்.

போன தவணையில ஒரு நாள், ஏழாம் தரத்தில மூன்றாம் பாடம். பிள்ளைகள் கொப்பியில படம் கீறிக்கொண்டிருந்தாங்க, வகுப்பு நல்ல அமைதி. அந்த அமைதிக்குள்ள நடு வரிசையில இருந்த ஒரு மகன்ட வயித்துக்குள்ள இருந்து சத்தம் வந்திச்சு. சின்னச் சத்தமில்லை, "கொர்ர்ர்" எண்டு இழுத்துக்கொண்டு வந்த சத்தம். பிள்ளைகள் சிரிச்சாங்க. நானும் யோசிக்காம, "யாரு மகன் வகுப்புக்குள்ள மோட்டார் சைக்கிள் ஸ்டார்ட் பண்ணுற?" எண்டு கேட்டுட்டேன். சிரிப்பு இன்னும் கூடிச்சு. அந்த மகன் புத்தகப் பையை எடுத்து வயித்தோட அணைச்சுக்கொண்டு மேசையில தலையைக் குனிஞ்சிட்டார்.

அடுத்த ரெண்டு நாளும் அவர் வரல்ல. மூன்றாவது நாள் வந்தவர், பாடம் தொடங்க முன்னாடி குழாயடிக்குப் போய் வயிறு முட்டத் தண்ணி குடிச்சிட்டு வந்து இருந்தார். கொஞ்ச நேரத்தில முந்தினதை விடப் பெருசாச் சத்தம் கேட்டிச்சு. நான் ஒண்டும் சொல்லல்ல. இடைவேளையில தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன். "சத்தம் வராம இருக்கத்தான் டீச்சர் தண்ணி குடிச்ச. எனக்கு வயித்துல ஏதும் வருத்தமா?" எண்டு கேட்டார்.

கல்வியியற் கல்லூரியில விஞ்ஞானம் படிச்சவள் நான். சமிபாட்டுத் தொகுதியை வருசா வருசம் படிப்பிக்கிறவள். அந்தப் பிள்ளை ஒரு கிழமையாப் பயந்துகொண்டிருந்த விசயத்துக்கு என்கிட்ட பதில் இருந்திச்சு, ஆனா நான் பகிடி மட்டும்தான் குடுத்திருந்தேன். அடுத்த நாள் அந்தப் பாடத்தை ஒழுங்காச் செய்தேன். அதைத்தான் இங்கயும் எழுதுறேன்.

வகுப்பில முதல் வந்த கேள்வியே நல்ல கேள்வி. ஒரு மகள் கேட்டா: "வெறும் வயிறு எண்டா உள்ளுக்கு ஒண்டும் இல்லையே டீச்சர், பிறகு எப்படிச் சத்தம் வரும்?"

உண்மையில வயிறு ஒருநாளும் முழுசா வெறுமையா இருக்கிறதில்லை. நாம விழுங்குற உமிழ்நீர், இரைப்பை சுரக்கிற சாறு, பித்தம், சதையச் சாறு, குடல் சாறு எல்லாத்தையும் சேர்த்தா ஒரு நாளைக்கு ஏறக்குறைய 7 லீற்றர் திரவம் உள்ளுக்கு வருது. பெரும்பகுதியைக் குடலே திரும்ப உறிஞ்சி எடுத்துடும். சாப்பிடக்குள்ள, குடிக்கக்குள்ள, கதைக்கக்குள்ள நாம விழுங்குற காற்றும் உள்ளே போகுது. ஆக, சாப்பாடு இல்லாத நேரத்திலும் அங்க கொஞ்சம் திரவமும் கொஞ்சம் காற்றும் இருக்கும். சத்தத்துக்கு அது போதும்.

இப்ப அதை யாரு அசைக்கிற? இரைப்பைக்கும் குடலுக்கும் சுவரெல்லாம் தசை. சாப்பிட்ட பிறகு அந்தத் தசை சாப்பாட்டைப் பிசைஞ்சு கலக்கும். இரவு சாப்பிட்ட சோறு கறி இரைப்பையை விட்டு இறங்க நாலு மணித்தியாலம் அளவு எடுக்கும். அதெல்லாம் இறங்கி முடிஞ்ச பிறகு தசை சும்மா இருக்கும் எண்டுதான் நாம நினைப்போம். ஆனா அப்பதான் அது வேறொரு வேலையைத் தொடங்குது. கலியாண வீட்டில ஆக்கள் சாப்பிட்டு எழும்பின பிறகு பாயை உதறிக் கூட்டுற மாதிரி ஒரு வேலை.

இந்தக் கூட்டுற வேலை ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலத்தில இருந்து ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா வரும். ஒவ்வொரு சுற்றிலும் முதல் கொஞ்ச நேரம் தசை அமைதியா இருக்கும். அதுக்குப் பிறகு இடைக்கிடை ஒழுங்கில்லாம சுருங்கும். கடைசியா ஒரு அஞ்சு, பத்து நிமிசம் பலமா, தாளம் பிடிச்ச மாதிரி சுருங்கும். இரைப்பையில நிமிசத்துக்கு மூன்று தடவை அளவு. அந்தச் சுருக்கம் அலை மாதிரி சிறுகுடல் வழியாக் கீழ இறங்கி, மிச்சம் கிடக்கிற நார், சளி, உதிர்ந்த கலங்கள், பக்டீரியா எல்லாத்தையும் பெருங்குடல் பக்கம் தள்ளிக்கொண்டு போகும். இதைத் தொடங்கி வைக்கிறதில முக்கிய பங்கு முன்சிறுகுடல் விடுற மோட்டிலின் எண்ட ஓமோனுக்கு இருக்கு. நாம சாப்பிட்டவுடனே இந்தச் சுற்று நிண்டுடும், தசை திரும்பப் பிசையிற வேலைக்கு மாறும்.

சத்தம் எப்படி வருது எண்டு காட்ட, ஐஸ் பக்கட் ஊத்துற நீளப் பொலித்தீன் உறை மூன்றைக் கொண்டு போனேன். முதலாவதில பாதி தண்ணி, பாதி காற்று விட்டு ரெண்டு பக்கமும் இறுக்கிக் கட்டினேன். ரெண்டாவதில காற்றே இல்லாமத் தண்ணி நிரப்பினேன். மூன்றாவதில தண்ணிக்குப் பதிலாக் கெட்டியான அரிசிக் கஞ்சி, அதுவும் காற்று இல்லாம. பிள்ளைகள் விரலால நடுவில நெரிச்சு, உள்ளுக்கு இருக்கிறதை ஒரு பக்கத்தில இருந்து மற்றப் பக்கத்துக்குத் தள்ளிப் பார்த்தாங்க. முதலாவது உறையை நெரிச்சா "களக், கொளக்" எண்டு கேட்டிச்சு. தண்ணி நிரம்பினது கிட்டத்தட்டச் சத்தமே இல்லை. கஞ்சி ஊமை.

விசயம் அவ்வளவுதான். காற்றும் திரவமும் சேர்ந்து ஒரு ஒடுக்கமான இடத்துக்குள்ளால நெருக்குப்பட்டுப் போகக்குள்ள குமிழி உண்டாகி, உடைஞ்சு, சுவரும் அதிர்ந்து சத்தம் வருது. சாப்பாடு உள்ளுக்கு இருந்தாலும் தசை சுருங்குது, சத்தமும் வருது. ஆனா அப்ப காற்றுக் குமிழி சாப்பாட்டுக்குள்ள அமுங்கிப் போகும், சத்தத்தையும் அது உறிஞ்சிடும். தளபாடம் நிறைஞ்ச அறையில கதைக்கிறதுக்கும் வெறும் அறையில கதைக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. வெறும் வயிறு புதுசாச் சத்தம் போடத் தொடங்குறதில்லை, மூடி மறைக்க ஒண்டும் இல்லாததால நமக்குக் கேட்குது. அதோட, சத்தம் இரைப்பையில இருந்து மட்டும் வாறதில்லை, பெரும்பாலும் குடலில இருந்தும் வரும்.

அந்த மகன்ட கணக்கை, பேர் சொல்லாம, பலகையில போட்டேன். இரவு 8 மணிக்குச் சாப்பாடு. நடுச்சாமம் அளவில இரைப்பை காலி. காலையில 6 மணிக்கு ஒரு பிளேன்டீ, வேற ஒண்டுமில்லை. பிளேன்டீ வெறும் திரவம், அது நிண்டு கொள்ளாது, கெதியா இறங்கிடும். பிறகு கூட்டுற வேலை திரும்பத் தொடங்கும். ரெண்டு சுற்றுப் போகக்குள்ள மணி 9 தாண்டும், அது மூன்றாம் பாடம். அவர் அண்டைக்குச் செய்ததையும் சேர்த்துப் பாருங்க: குழாயில மடக்கு மடக்கெண்டு குடிக்கக்குள்ள தண்ணியோட காற்றும் சேர்ந்து உள்ள போயிருக்கு. அதாவது ரெண்டாவது உறையை முதலாவது உறையா மாத்திக்கொண்டு வந்து வகுப்பில இருந்திருக்கார். அதனாலதான் சத்தம் கூடினது. இதைச் சொன்னதும் அவர் தலையை நிமிர்த்திச் சிரிச்சார்.

பசிக்கும் இந்தச் சுருக்கத்துக்கும் என்ன தொடர்பு எண்டு 1912 இல வோல்டர் கெனன் எண்ட அமெரிக்க விஞ்ஞானி ஒரு பரிசோதனை செய்தார். வொஷ்பேர்ன் எண்ட அவருடைய மாணவர் ஒரு றப்பர் பலூனைக் குழாயோட விழுங்கிக்கொண்டு இருந்தார். இரைப்பை சுருங்கினா பலூன் நெரிபட்டு ஒரு கோட்டில பதிவாகும். பசி கிள்ளுற நேரமெல்லாம் அவர் ஒரு சாவியை அமத்தினார். ரெண்டு பதிவும் ஒத்துப் போச்சு. ஆனா பசி எண்டா இது மட்டும்தான் எண்டு எடுக்கக்கூடாது. சத்திரசிகிச்சையில இரைப்பையை எடுத்த ஆக்களுக்கும் பசிக்குது. மூளையும் இரத்தத்தில உள்ள ஓமோன்களும் சேர்ந்த வேலை அது. சத்தம் வந்தா கட்டாயம் பசி எண்டுமில்லை, சத்தம் இல்லாட்டி பசி இல்லை எண்டுமில்லை.

நோன்பு பிடிக்கிறவங்க இதைக் கவனிச்சிருப்பீங்க. பகலில வயிறு ஒருக்கா இரைஞ்சு, பசி கிள்ளி, கொஞ்ச நேரத்தில தானா அடங்கிடும். பிறகு திரும்ப வரும். மஹ்ரிப் வரைக்கும் சத்தம் கூடிக்கொண்டே போறதில்லை. அந்தப் பத்து நிமிச அலை கடந்து போனதாலதான் அப்படி.

எப்ப பயப்படணும்? சத்தம் மட்டும் எண்டா பயப்பட ஒண்டுமில்லை. சிலருக்குப் பால் குடிச்சா அது சரியாச் சமிபாடடையாம வாயு கூடி, சாப்பிட்ட பிறகும் வயிறு இரையும், வயிற்றோட்டமும் வரும். அப்படியெண்டா பாலைக் குறைச்சுப் பார்க்கலாம். ஆனா வயிறு ஊதி, விட்டு விட்டுக் கடுமையா முறுக்கி, சத்தியும் வந்து, காற்றும் மலமும் போகாம இருந்தா அது குடல் அடைப்பா இருக்கலாம். வயித்துவலி கடுமையா இருக்கக்குள்ள வயிறு கல்லு மாதிரி இறுகிச் சத்தமே இல்லாமப் போறதும் ஆபத்து. இந்த ரெண்டிலும் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காம உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க.

பிறகு அந்த மகன்ட உம்மாவோட கதைச்சேன். வீட்டில கைக்குழந்தை. வாப்பா விடியச் சாமத்தில கடலுக்குப் போறவர். தங்கச்சியை வெளிக்கிடுத்திப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டி வாறது இவர்தான். அவவுக்குப் பாணும் சம்பலும் குடுத்துட்டு, நேரம் போகுதெண்டு தான் பிளேன்டீயோட ஓடி வாறார். உம்மாவுக்கு அது தெரியாது. "அவன் சாப்பிட்டுத்தான் போறான் எண்டு நினைச்சேன் டீச்சர்" எண்டு சொன்னா.

இப்ப இரவே ரெண்டு துண்டுப் பாணை டப்பாவில போட்டுப் பைக்குள்ள வைச்சுடுறாங்க. முதலாம் பாடம் முடிய, நான் பலகை அழிக்கிற நேரத்தில அவர் அதைச் சாப்பிட்டுடுவார். வேற ரெண்டு, மூன்று பிள்ளைகளும் அப்படிச் செய்றாங்க, நான் காணாத மாதிரி இருந்துகொள்ளுவேன்.

போன கிழமை ஸ்டாப் ரூமில என்ட வயிறு சத்தம் போட்டிச்சு. கொப்பி கொண்டு வந்த அந்த மகனுக்குக் கேட்டுட்டுது. என்னைப் பார்த்து மெதுவாச் சொன்னார்: "டீச்சர், கூட்டுறாங்க போல. ஏதாச்சும் சாப்பிடுங்க."