800-னா சூடு அதிகமா?

ஆகஸ்டுல மான்ட்ரியல் போறேன். அங்க ஜனவரியில மைனஸ் 10 எல்லாம் சாதாரணம். ஜாக்கெட்டுக்குன்னு அப்பா பணம் கொடுத்துட்டார். தப்பா வாங்கிட்டு மறுபடி கேட்க மனசு வராது.

வாத்தின் மெல்லிறகு வைத்த ரெண்டு ஜாக்கெட் பார்த்தேன், ஒரே சைஸ். ஒன்றில் ஃபில் பவர் 800, இன்னொன்றில் 600. 800-தான் சூடுன்னு எடுக்கப் போனேன். அங்க படிக்கிற சீனியர் அக்கா போன்ல, "உள்ள எத்தனை கிராம் இறகுன்னு பாரு தம்பி"ன்னாங்க. 800-ல 100 கிராம், 600-ல 200 கிராம்!

ஒரு அவுன்ஸ் இறகு எத்தனை கன அங்குலம் உப்பும்ங்கறதுதான் ஃபில் பவர். எவ்வளவு இறகு இருக்குன்னு அது சொல்லாது. சூட்டைக் காப்பது அந்த உப்பலில் அடைபட்ட காற்று. பெருக்கிப் பார்த்தேன்: 80,000-க்கு எதிரா 1,20,000. கனமான 600-தான் ஜெயிச்சது.

டி-ஷர்ட் மேல போட்டப்போ கச்சிதமா இருந்தது. ஸ்வெட்டர் போட்டுக் கையைத் தூக்கினா தோள் இறுக்குது. இறுக்கினா இறகு நசுங்கும், காற்றும் போயிடும். ஒரு சைஸ் பெரிசா வாங்கினேன்.

ஒண்ணு மட்டும்: மெல்லிறகு நனைஞ்சா உப்பாது. குளிர்காலம் முழுக்க மழை பெய்யும் ஊர்னா சிந்தெடிக்தான் எடுத்திருப்பேன்.