ஏழாம் மாதத்தில் டெல்லியிலிருந்து சென்னைக்கு

தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்பதில் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை. எப்போது கிளம்புவது, எதில் போவது என்பதில்தான் பேச்சு வளர்ந்தது. டெல்லியிலிருந்து சென்னைக்கு விமானத்தில் மூன்று மணி நேரம் போதும். ஆனால் என்னை அழைத்துப்போக வந்திருந்த அம்மா விமானத்தில் காலே வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். மருத்துவரைக் கேட்டோம். ரத்தப்போக்கு, ரத்த அழுத்தம், நஞ்சுக்கொடி கீழிறங்கியிருத்தல் போன்ற சிக்கல் எதுவும் எனக்கு இல்லாததால் ரயிலுக்குத் தடை இல்லை என்றார்.

வளைகாப்பு முடித்து ஒன்பதாம் மாதம் கிளம்பலாம் என்பது பெரியவர்கள் கணக்கு. ஏறத்தாழ 2,180 கிலோமீட்டர் தூரத்துக்கு அந்தக் கணக்கு சரிவராது. 14 வாரத்திலிருந்து 28 வாரம் வரைதான் பயணத்துக்கு வசதியான காலம். மசக்கை அடங்கியிருக்கும், வயிறு இன்னும் குனிய விடும். நான் 27ஆவது வாரத்தைப் பிடித்துக்கொண்டேன். 24 முதல் 28 வாரத்துக்குள் செய்யும் சர்க்கரைப் பரிசோதனையும் அதற்குள் முடிந்திருக்கும். சென்னை மருத்துவமனையில் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. ஒரு விஷயம் மட்டும் பலருக்குத் தெரிவதில்லை. முன்பதிவு இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது. 27ஆவது வாரத்தில் பயணம் என்றால் 19ஆவது வாரம் வாக்கில், அதாவது அந்தப் பெரிய ஸ்கேன் எடுக்கும் சமயத்திலேயே, தேதியை முடிவு செய்தாக வேண்டும்.

அடுத்து, எந்த ரயில் என்ற கேள்வி. ராஜதானியில் ஒரே இரவுதான். தமிழ்நாடு எக்ஸ்பிரஸை விடச் சில மணி நேரம் மிச்சம். ஆனால் அது சென்னையை அடைவது இரவில். தாமதமானால் நடுநிசியில் பெட்டியும் வயிறுமாக இறங்க வேண்டும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவில் கிளம்பி, இடையில் ஒரு முழுப் பகல் ஓடி, மறுநாள் விடியலில் சென்னை சேர்கிறது. இரண்டு மூன்று மணி நேரம் பிந்தினாலும் இறங்கும்போது பகல்தான். அதனால் அதையே தேர்ந்தெடுத்தேன். டிசம்பர், ஜனவரி என்றால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. வடக்கே பனிமூட்டம் எந்த ரயிலையும் விடாது.

இனி பெர்த். கர்ப்பிணிகளுக்குக் கீழ் பெர்த் ஒதுக்கீடு உண்டு. மூத்த குடிமக்கள், 45 வயதைத் தாண்டிய பெண்கள் இவர்களோடு சேர்ந்த ஒதுக்கீடு அது. ஒரு பெட்டிக்குச் சில இடங்கள்தான். இதில் கர்ப்பிணி என்று சொல்லி எடுக்க, மருத்துவர் சான்றிதழோடு முன்பதிவுக் கவுண்டருக்குப் போக வேண்டும். ஒரு டிக்கெட்டில் இரண்டு பேருக்கு மேல் சேர்த்தால் ஒதுக்கீடு கிடையாது. மாமியார், நாத்தனார் எல்லோரையும் ஒரே டிக்கெட்டில் போடும் ஆசையால் இதைக் கைவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அம்மாவும் 45ஐத் தாண்டியவர் என்பதால் எங்கள் இருவருக்குமே கீழ் பெர்த் கேட்க முடிந்தது.

மூன்றடுக்கு ஏசியை விட இரண்டடுக்கு ஏசிக்கு ஆளுக்குச் சுமார் ஆயிரம் ரூபாய் அதிகம். அந்தப் பணத்துக்கு நடு பெர்த் இல்லாத இடம் கிடைக்கிறது. ஏழாம் மாதத்தில் கருப்பை இரைப்பையை மேலே தள்ளுகிறது. படுத்தவுடன் நெஞ்செரிச்சல் ஏறி வரும். எழுந்து உட்கார்ந்தால்தான் அடங்கும். நடு பெர்த்தை மாட்டிவிட்டால் கீழே இருப்பவர் நிமிர்ந்து உட்காரவே முடியாது. இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை அந்தப் பலகையின் கீழ் கழுத்தை வளைத்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். ஸ்லீப்பரிலும் இதே கதை.

அடுத்து, படுக்கும் பக்கம். மல்லாந்து படுத்தால் வயிற்றின் பாரம் முதுகுப்பக்கத்துப் பெரிய ரத்தக்குழாயை அழுத்தும், தலை கிறுகிறுக்கும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்வது அதனால்தான். ரயிலில் இதற்கு ஒரு சின்ன வழி உண்டு. பெர்த்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். உங்கள் இடது கைப்பக்கம் எதுவோ, அந்தப் பக்கம் தலை வைத்துச் சாயுங்கள். முதுகுக்குப் பின்னால் சாய்மானம் அணையாக இருக்கும். வயிறு திறந்த பக்கம் பார்க்கும். காலைக் கீழே போட்டு எழுவதும் சுலபம். எதிரெதிரே இருக்கும் இரண்டு கீழ் பெர்த்களில் ஒன்றில் இப்படிப் படுத்தால் தலை ஜன்னல் பக்கம் வரும். மற்றதில் நடைபாதைப் பக்கம் வந்து, போகிற வருகிறவர்கள் பை எல்லாம் இடிக்கும். ஏறியதும் இதைப் பார்த்து, அம்மாவும் நானும் இடம் மாற்றிக்கொண்டோம்.

பெர்த் எண்ணை நாம் கேட்டு வாங்க முடியாது. ஆனால் பெட்டியின் நடுப்பகுதி கிடைத்தால் விட்டுவிடாதீர்கள். இரு முனைகளிலும் சக்கரங்களுக்கு நேர் மேலே இருப்பதால் குலுக்கல் அதிகம். கதவுச் சத்தமும் கழிவறை வாடையும் கூடவே வரும்.

ஆனால் அந்தக் கழிவறைக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது போயே ஆக வேண்டும். போவதைத் தவிர்க்கத் தண்ணீரைக் குறைப்பதுதான் பெண்கள் வழக்கமாகச் செய்கிற காரியம். சிறுநீர்த்தொற்றுக்கு அதுவே வாசல்; கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைவதற்கும் துணை போகும். எனவே தண்ணீரைக் குறைக்காமல், போகும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். ரயில் ஒரு ஸ்டேஷனுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் தண்டவாளம் மாறும். பெட்டி திடீரென்று பக்கவாட்டில் வெட்டும். விழுவது பெரும்பாலும் அப்போதுதான். நேர் பாதையில் சீராக ஓடும்போது போகலாம். இப்போது பயோ டாய்லெட் என்பதால் ரயில் நிற்கும்போதும் போகலாம். வழுக்காத ரப்பர் செருப்பு, கைப்பிடியைப் பிடிக்க ஒரு கை காலியாக இருப்பது, வாசலில் அம்மா நிற்பது, இந்த மூன்றும் போதும். அந்த நடையையே கால் வீங்காமலிருக்கும் நடையாகவும் வைத்துக்கொண்டேன்.

சாமான் விஷயத்தில் அம்மாவுக்கும் எனக்கும் சண்டை. அவர் கட்டிய மூட்டையில் பாதியைத் திருப்பி எடுத்து வைத்தேன். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி முதல் காலைக்கு; புளியோதரை மதியத்துக்கு. தயிர்சாதம் வேண்டாம் என்றேன். இரண்டாம் வேளைக்கு அது தாங்காது. மீதிக்கு வாழைப்பழம், ஆரஞ்சு, வறுத்த கடலை. நறுக்கிய பழம் எந்தப் பிளாட்பாரத்திலும் வாங்கவில்லை. இன்னொரு சின்னத் தலையணை, முழங்கால்களுக்கு நடுவே வைக்க. மருந்துகளில் இரும்பு மாத்திரையையும் கால்சியத்தையும் ஒரே வேளையில் போடக்கூடாது என்பதால் தனித்தனிப் பொட்டலம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ரத்த வகை, மருத்துவர் கடிதம் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில், தலைமாட்டுக் கைப்பையில். சீட்டுக்கடியில் இருக்கும் சூட்கேஸில் வைத்தால் அவசரத்துக்கு அது உதவாது.

ரத்தமோ நீரோ கசிந்தாலும், வயிறு விட்டுவிட்டு இறுகினாலும், தலைவலியோடு கண் மங்கினாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும், சென்னை போய்ப் பார்க்கலாம் என்று உட்காரக்கூடாது. உடனே டிடிஇயிடம் சொல்லுங்கள், 139க்கும் அழையுங்கள். முன்னால் உள்ள ஸ்டேஷனுக்குத் தகவல் போய் மருத்துவர் வருவார். இந்தப் பாதையில் ஜான்சி, போபால், நாக்பூர், விஜயவாடா நான்கும் ரயில்வே கோட்டத் தலைமையிடங்கள், பெரிய ஊர்களும்கூட. அடுத்து இவற்றில் எது வரும் என்று ஒரு கண் வைத்திருங்கள்.

ஆர்ஏசி என்று வந்தால் டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். பக்கவாட்டு சீட்டில் இன்னொருவரோடு பாதி இடத்தில் இரண்டு இரவு என்பது இந்த நிலையில் பயணமே அல்ல.

மேல் பெர்த்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பகலில் கீழ் சீட்டில் உட்கார உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் பத்து மணி முதல் ஆறு மணி வரை என்ற தூக்க விதியை 2017இல் வகுத்தபோதே, நோயாளிகளும் மாற்றுத்திறனாளிகளும் கர்ப்பிணிகளும் அந்த நேரத்தைத் தாண்டிப் படுக்கச் சக பயணிகள் ஒத்துழைக்க வேண்டும் என்று ரயில்வே கேட்டுக்கொண்டிருக்கிறது. கீழே கர்ப்பிணி படுத்திருந்தால் எழுப்பாதீர்கள்.