நெற்றியின் உப்பு

குழந்தையின் நெற்றியில் முத்தமிடும்போது உப்புக் கரித்தால் அக்குழந்தை நெடுங்காலம் வாழாது என்றொரு நம்பிக்கை ஐரோப்பிய நாட்டார் வழக்கிலே பல நூற்றாண்டுகளாக நிலவி வந்தது. மூடநம்பிக்கை எனத் தள்ளிவிடத்தக்க இக்கூற்றின் பின்னே பிழையற்ற அவதானமொன்று மறைந்திருந்தமை 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேதான் வெளிப்பட்டது. கிராமத்து மூதாட்டியர் கண்டது சரி. காரணத்தை மட்டுமே அவர்கள் சூனியத்தில் தேடினர்.

சிஸ்ரிக் பைப்புறோசிஸ் என்னும் இந்நோயை, 1938இல் நியூயோர்க் நகரின் வைத்தியர் டொரதி அன்டர்சன் தனியொரு நோயாக விரிவாக எடுத்துரைத்தார். இறந்த குழந்தைகளின் சதையியில் அவர் கண்ட தழும்புகளே நோய்க்குப் பெயரைத் தந்தன. எனினும் குழந்தைகளைக் கொன்றது பெரும்பாலும் சதையி அன்று. மீண்டும் மீண்டும் வந்த மார்புத் தொற்றே. உடலெங்கும் சுரப்புகள் தடித்துப்போவதே நோயின் அடிப்படை என அக்காலத்தார் கருதினர். 1948இல் நியூயோர்க்கைக் கடும் வெப்பம் வாட்டியபோது, வெப்பத்தால் சோர்ந்து வைத்தியசாலைக்குக் கொண்டுவரப்பட்ட குழந்தைகளுள் இந்நோயுடையோர் மிகுதியாக இருந்தனர். அவர்கள் உப்பை இழக்கிறார்கள், ஆனால் எவ்வழியால்? இவ்வினாவைப் பின்தொடர்ந்த போல் டி சான்ற் அக்னீஸ் என்பவரும் அவருடைய துணைவரும், நோயுற்ற குழந்தைகளின் வியர்வையில் உப்பு பன்மடங்கு மிகுந்திருப்பதை 1953இல் வெளியிட்டனர். வியர்வை தடித்த சுரப்பன்று, நீர் போன்றது. ஆகவே கோளாறு சளியின் தடிப்புக்கும் அப்பால், இன்னும் ஆழமான ஓரிடத்தில் இருத்தல் வேண்டும் என்பது புலனாயிற்று.

அவ்விடம் யாது என்பதை வியர்வைச் சுரப்பியே காட்டிக்கொடுத்தது. சுரப்பியின் அடியில் உண்டாகும் வியர்வை ஏறக்குறைய குருதியளவு உப்புடையது. கானின் வழியே அது தோலை நோக்கி ஏறும்போது, கானின் சுவரிலுள்ள கலங்கள் குளோரைட்டையும் சோடியத்தையும் மீள உறிஞ்சிக்கொள்கின்றன. இந்நோயாளரின் கானில் குளோரைட்டு செல்லும் வாயில் அடைபட்டிருப்பதை 1983இல் போல் குவின்ரன் நிறுவினார். அவரும் இந்நோயுடன் பிறந்தவர் என்பது இங்கு நினைக்கத்தக்கது. அவ்வாயிலை ஆக்கும் பரம்பரையலகு 1989இல் கண்டறியப்பட்டது. தாயும் தந்தையும் பழுதுற்ற அலகொன்றை நோயின்றிச் சுமக்கும்போது, ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நாலிலொன்று.

நோயை உறுதிசெய்யும் வழியும் இவ்வியர்வையே. தொடக்கத்தில் குழந்தையைப் போர்த்தி வெப்பமூட்டி வியர்க்கச் செய்தனர். உப்பிழக்கும் குழந்தைக்கு இது எத்துணை ஆபத்தானது எனக் கூறவேண்டியதில்லை. 1959இல் கிப்சன், குக் என்னும் இருவர், பைலோகார்ப்பின் என்னும் மருந்தைச் சிறு மின்னோட்டத்தால் தோலினுள் செலுத்தி, முன்கையின் சிறு பகுதியை மட்டும் வியர்க்கச் செய்யும் முறையை வகுத்தனர். அதன் அடிப்படையே இன்றும் கையாளப்படுகிறது.

உதாரணமாக, எட்டு மாதக் குழந்தையொன்றைக் கருதுக. மூன்று முறை மார்புத் தொற்று வந்து போயிற்று. பால் நன்றாகவே குடிக்கிறது, எடை ஏறவில்லை. மலம் எண்ணெய்ப் பசையுடன் மிகுந்த நாற்றமுடையது. முன்கையைக் கழுவித் துடைத்து, மருந்தில் நனைந்த துணியின்மேல் மின்வாயை வைத்து, 4 மில்லி அம்பியருக்கு மேற்படாத மின்னோட்டம் ஐந்து நிமிடம் செலுத்தப்படுகிறது. பின்னர் அவ்விடத்தைக் காய்ச்சி வடித்த நீராற் கழுவி உலர்த்தி, முன்கூட்டியே நிறுத்த துணியை வைத்துக் காற்றுப் புகாது மூடி அரைமணி நேரம் விடுகின்றனர். மீண்டும் நிறுக்கையில் 110 மில்லிகிராம் வியர்வை சேர்ந்திருக்கிறது. 75 மில்லிகிராமுக்குக் குறைந்திருந்தால் அம்மாதிரி தள்ளப்பட்டிருக்கும். அதிலுள்ள குளோரைட்டு 11 மைக்குரோமூல். அஃதாவது இலீற்றருக்கு 100 மில்லிமூல். 60உம் அதற்கு மேலும் நோயைக் குறிக்கும்; 30க்குக் கீழ் நோய் இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு; இடைப்பட்டவை மேலும் ஆராயத்தக்கவை. இக்குழந்தையின் நோய் இரண்டாவது சோதனையாலும் பரம்பரையலகுச் சோதனையாலும் உறுதிப்படுத்தப்படும்.

இவ்வளவு எளிய சோதனை பிழைபடுவது பெரும்பாலும் கையாள்வோரின் அவசரத்தாலேயே. மூடி நெகிழ்ந்து நீரில் மூன்றிலொரு பங்கு ஆவியாகிவிட்டால், 40 ஆக இருக்கவேண்டிய அளவு 60 எனக் காட்டும்; நீர் போகும், உப்புப் போகாது. மறுபுறம், உடல் வீங்கிய குழந்தையிடத்து அளவு பொய்யாகக் குறையலாம். இந்நோய் வெள்ளையருக்கே உரியது என்ற எண்ணம் இவற்றினும் பெரிய தடை. தென்னாசியக் குழந்தைகளிடத்தும் அது உண்டு. ஆனால் நினைவில் எழாத நோய்க்கு எவரும் சோதனை செய்வதில்லை. அக்குழந்தைகள் காசம் என்றோ ஈளை என்றோ பெயரிடப்பட்டுக் காலத்தை இழக்கின்றனர்.

அதே வாயில் சுவாசப்பையில் அடைபடும்போது விளைவு வேறாகிறது. காற்றுக்குழாயின் உட்புறத்தைப் போர்த்திருக்கும் நீர்ப்படை வற்ற, சளி பசைபோல் ஒட்டிக்கொள்கிறது. அதனை மேலே தள்ளவேண்டிய நுண்மயிர்கள் அதில் அமிழ்ந்துவிடுகின்றன. தேங்கிய சளியில் முதலிற் சில பற்றீரியாக்களும் பின்னர் சூடோமோனாசு என்பதும் குடியேறுகின்றன. ஒவ்வொரு தொற்றும் குழாய்ச் சுவரைச் சிறிது சிதைத்துச் செல்ல, சிதைந்த குழாயில் மேலும் சளி தேங்குகிறது.

ஆதலால் நுண்மயிர் செய்யாத வேலையைக் கை செய்யவேண்டியதாகிறது. நாள்தோறும், பொதுவாக இருமுறை. அவ்வெட்டு மாதக் குழந்தையைத் தாய் மடியில் ஒருக்களித்துக் கிடத்தி, குவித்த கையால் மார்பின் ஒவ்வொரு பகுதியையும் சில நிமிடம் தட்டுகிறாள். உள்ளங்கை தட்டையாக விழுந்தால் நோகும். குவிந்து விழுந்தால் வெற்றொலியுடன் அதிர்வு உட்செல்லும். முன்னாளில் தலையைத் தாழ்த்திக் கிடத்துவர். இரைப்பையிலுள்ளது மேலெழுந்து தொண்டைக்கு வருவதால் சிசுக்களுக்கு அது கைவிடப்பட்டது. இதே காரணத்தால் பாலூட்டிய உடனேயும் தட்டலாகாது. பிள்ளை சற்று வளர்ந்ததும் கண்ணாடியில் ஆவி படிய ஊதும் விளையாட்டு ஒன்று பயிற்றப்படும். தொண்டையைத் திறந்து வைத்து, இருமாமல் விரைந்து மூச்சை வெளித்தள்ளும் பயிற்சியே அது. இருமல் குழாயை ஒடுக்கிச் சளியைச் சிறைப்படுத்தக்கூடும். அவ்வூதல் அதனை மெல்ல மேலேற்றும்.

இருமல் இல்லாத நாளில் இதனை விட்டுவிடத் தோன்றுவது இயல்பு. ஏமாற்றம் அங்கேதான் இருக்கிறது. தொற்று கிளம்பும்போது காய்ச்சல் வாராதிருத்தலும் உண்டு. இரவில் புதிதாக ஓர் இருமல், பசி மந்தித்தல், எடை நின்றுவிடுதல் என்பனவே முதற் குறிகள். சிறு பிள்ளைகள் சளியைத் துப்பாது விழுங்கிவிடுவதால் தொண்டையில் பஞ்சிட்டு மாதிரி எடுக்கின்றனர்.

அவுஸ்திரேலியாவில் கடலலையில் விளையாடும் நோயாளரின் சுவாசப்பை நன்றாக இருந்தமை வைத்தியரின் கவனத்தை ஈர்த்தது. 7 வீத உப்புநீரின் ஆவியை உள்ளிழுத்தால் நோய் கிளர்தல் குறைகின்றது என 2006இல் அங்கு நடத்திய ஆய்வு காட்டியது. உப்பு நீரைத் தன்பால் இழுத்து, வற்றிய படையை நனைக்கிறது. சளியகற்றுமுன் இவ்வாவி, நுண்ணுயிர்கொல்லியை உள்ளிழுப்பதோ அகற்றிய பின்னர். முறை மாறினால் அம்மருந்து சளியின்மேலேயே படிந்துபோகும்.

2012 முதல் அவ்வாயிலையே திறக்கும் மருந்துகள் வந்துள்ளன. அவை வேலைசெய்கின்றனவா என அறியவும் முன்கையிலிருந்து வியர்வையே எடுக்கப்படுகிறது. முதல் மருந்து உரிய பழுதுடையோரிடத்து 100 அளவிலிருந்த குளோரைட்டை ஏறக்குறைய 50க்கு இறக்கிக் காட்டியது. அதன் விலை பெரும்பாலான நாடுகளின் குடும்பங்களுக்கு எட்டாதது. எட்டாத வீடுகளில் காலையிலும் மாலையிலும் குவித்த கையின் ஒலி கேட்டுக்கொண்டிருக்கிறது.